சிறுகதை வரைவு: ஆச்சியும் நீலப் பொட்டும் (தேக்காவில் பஸ் தேடும் காட்சி, தவறு இருந்தால் சொல்லுங்கள்)

பொருநை:
சிங்கப்பூரில் நடக்கும் கதை. ஆச்சிக்கு வயது 69, கோவில்பட்டி. தனியாக விமானம் ஏறி, தெம்பனிஸில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவார்கள், பேத்தி பள்ளிக்கூடம். ஒருநாள் ஆச்சி 65ஆம் நம்பர் பஸ்ஸில் தனியாகத் தேக்கா சந்தைக்குப் போகிறாள். திரும்பும் இடத்தைக் கீழே போடுகிறேன். கதை நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதைப் பிறகு பேசலாம். போனும் பஸ்ஸும் நிஜத்தில் இப்படித்தான் நடந்துகொள்ளுமா? அதுதான் இப்போதைக்குக் கேள்வி.

> வாழைத்தண்டும் சுண்டைவத்தலும் பையில் கனத்தன. காலையில் இறங்கிய நிறுத்தத்துக்கே ஆச்சி வந்து சேர்ந்துவிட்டாள். இறங்கினது இந்தப் பக்கம் என்றால் ஏறுவது அந்தப் பக்கம். கோவில்பட்டியில் அப்படித்தான், உலகமெங்கும் அப்படித்தான். பச்சை மனிதன் வரும்வரை நின்று ரோட்டைக் கடந்தாள். அந்தப் பக்கம் நிறுத்தத்தைக் காணோம்.
>
> போனை எடுத்தாள். பேத்தி சொன்னது ஞாபகம் வந்தது. "ஆச்சி, இந்த நீலப் பொட்டுதான் நீங்க. அதுல இருந்து வெளிச்சம் மாதிரி ஒண்ணு வருதுல்ல, அது காட்டுற பக்கம் போனா பஸ் ஸ்டாப்." வெளிச்சம் இடது பக்கம் காட்டியது. ஆச்சி நடந்தாள். பத்தடிக்கு ஒருதரம் நின்று பார்த்தாள்.
>
> பாதி வழியில் நெட் தீர்ந்துபோனது. பொட்டு மறைந்தது. ஆச்சிக்குக் கைகால் ஓடவில்லை. பக்கத்துக் கடைப் பையன் தன் போனிலிருந்து நெட் கொடுத்தான். பொட்டு திரும்ப முளைத்தது. நூறடியில் நிறுத்தம். 65 வந்து நின்றது.

ராஜா_மதுரை:
அருமை பொருநை! நெட் தீர்ந்ததும் பொட்டு மறையும் இடம் கண்ணைக் கலக்கிவிட்டது. அது சரிதான், மேப் முழுக்க இன்டர்நெட்டில் ஓடுவது, டேட்டா இல்லையென்றால் ஜிபிஎஸ் வேலை செய்யாது. ஒரே திருத்தம்: ஆச்சி கிளம்பும் முன் ஆஃப்லைன் மேப் இறக்கி வைத்திருந்தால் இந்தக் கஷ்டமே இல்லை. அதைப் பேத்தி சொல்லாமல் விட்டது ஏன் என்று வாசகன் கேட்பான்.

தெம்பனிஸ்வாசி:
பஸ் பகுதியை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அங்கேதான் கதை உடைகிறது.

ஆச்சி எந்த ரோட்டில் இறங்கினாள் என்று நீங்கள் எழுதவில்லை. தெம்பனிஸிலிருந்து வரும் 65 ஜாலான் புசார் வழியாக நகருக்குள் இறங்கும். அந்தப் பகுதியில் ஜாலான் புசார் ஒருவழிச் சாலை. எதிர்த்திசையில் பஸ் வராது, அதனால் எதிர்ப்புறத்தில் திரும்பிப் போகும் நிறுத்தம் என்று ஒன்று கிடையவே கிடையாது. தெம்பனிஸ் திரும்பும் 65 அதற்கு இணையாக ஓடும் சிராங்கூன் சாலையில் வரும். தேக்கா இருக்கும் லிட்டில் இந்தியாவுக்குள் அதுவும் ஒருவழிதான், திசை மட்டும் நேரெதிர்.

ஆக உங்கள் ஆச்சி ரோட்டைக் கடந்து நின்றது சரி, நிறுத்தம் காணாமல் போனதும் சரி. ஆனால் நூறடியில் நிறுத்தம் கிடைத்தது தவறு. டன்லப் ஸ்திரீட் மாதிரி ஒரு குறுக்குத் தெருவில் புகுந்து சிராங்கூன் சாலைவரை நடக்க வேண்டும். எனக்கு ஐந்து நிமிடம், வாழைத்தண்டுப் பையோடு ஆச்சிக்கு ஏழெட்டு ஆகும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சிங்கப்பூரிலும் நம்மூர் மாதிரி இடப்பக்கம்தான் ஓட்டுவார்கள், பஸ் கதவு இடப்பக்கம். சிராங்கூன் சாலையில் இடப்பக்கம் என்றால் தேக்கா சந்தை இருக்கும் அதே பக்கம். சந்தையை விட்டு வெளியே வந்தவள் ரோட்டைக் கடக்காமலே பஸ் ஏறியிருக்கலாம். காலையில் இறங்கின இடத்தைத் தேடிப் போனதுதான் அவளைச் சுற்றவிட்டது.

பொருநை:
அடடா. ஒருவழி என்பது தெரியாமல் எழுதிவிட்டேன், ஆனால் நீங்கள் சொல்வது கதைக்கு இன்னும் நல்லது. உலகமெங்கும் அப்படித்தான் என்று அவள் நினைப்பது அங்கே அடிபடுகிறது. மாற்றி எழுதுகிறேன். போன் பகுதி சரிதானே?

நிலஅளவை:
போன் பகுதியில் இரண்டு இடம் தவறு. ராஜா சொன்னதில் பாதிதான் சரி.

முதலில் அந்த வெளிச்சம். பொட்டிலிருந்து விரியும் நீல விசிறி பஸ் நிறுத்தம் இருக்கும் பக்கத்தைக் காட்டாது. போனின் தலைப்பக்கம் எங்கே நோக்கியிருக்கிறது என்பதைத்தான் காட்டும். ஆச்சி நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றினால் விசிறியும் கூடவே சுற்றும். அது காட்டும் பக்கம் போய்க்கொண்டே இருந்தால் ஆச்சி தன் மூக்கு போகும் திசையில் போய்க்கொண்டே இருப்பாள், அவ்வளவுதான். நிறுத்தம் இருக்கும் இடத்தைக் காட்டுவது புள்ளிபுள்ளியாக வரும் நடைக்கோடு, அல்லது முன்கூட்டிக் குத்தி வைத்த குறி. விசிறி கோட்டின் மேல் படியும்வரை உடம்பைத் திருப்பி, அப்புறம் நடக்க வேண்டும். முதல்முறை பிடிக்கும் எல்லோரும் தடுமாறுகிற இடம் இது, வயதானவர்கள் மட்டுமல்ல.

இரண்டாவது, நெட். நாம் இருக்கும் இடத்தைப் போன் கணக்கிடுவது செயற்கைக்கோள்கள் அனுப்பும் சமிக்ஞையைக் கேட்டு. அது வானத்திலிருந்து இறங்கி வருவது மட்டும்தான், போன் பதிலுக்கு எதுவும் அனுப்புவதில்லை, டேட்டா தேவையில்லை. டேட்டா வேண்டியது தெருப்படத்துக்கும் வழி கேட்பதற்கும். ஆகவே நெட் போனால் பொட்டு நிற்கும், படம்தான் போகும். ஏற்கெனவே பார்த்த தெருக்கள் கொஞ்சம் மிஞ்சும், நகர்த்தினால் வெறும் கட்டம் வரும், அதன் நடுவில் பொட்டு மட்டும் நிற்கும். காட்சியாகப் பார்த்தால் மறைவதைவிட இது பயங்கரம்.

ராஜாவின் ஆஃப்லைன் மேப்பும் முழுத் தீர்வு இல்லை. அதில் தெருக்கள் தெரியும், கார் வழி கேட்கலாம். நடைவழியும் பஸ் வழியும் கூகுள் மேப் ஆஃப்லைனில் தராது. ஆச்சிக்கு வேண்டியது இரண்டுமே அதில் இல்லை.

ராஜா_மதுரை:
சரி, நடைவழி ஆஃப்லைனில் இல்லை என்பது புதுச் செய்தி. ஆனால் நெட்டை அணைத்தால் பொட்டு சாம்பல் நிறமாகிப் போவதைப் பலர் பார்த்திருக்கிறார்களே? அதற்கு என்ன பெயர்?

நிலஅளவை:
சாம்பல் பொட்டு என்றால் போனுக்கு இப்போதைய இடம் கிடைக்கவில்லை, கடைசியாகத் தெரிந்த இடத்தைக் காட்டுகிறது என்று பொருள். நெட் போகும்போது அது வர ஒரு காரணம் உண்டு, அதனால்தான் உங்களைப் பாதி சரி என்றேன். செயற்கைக்கோள்கள் எங்கே இருக்கின்றன என்ற விவரத்தை நெட் இருந்தால் போன் சட்டென்று வாங்கிக்கொள்ளும். இல்லையென்றால் அதை வானத்திலிருந்தே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், அதற்குத் திறந்தவெளியில் அரை நிமிடமோ அதற்கு மேலோ ஆகும். கட்டடத்துக்குள் நின்றால் கிடைக்காமலே போகலாம். வைஃபை, செல் கோபுரம் வைத்து இடத்தை உத்தேசமாகக் கண்டுபிடிப்பதற்கும் நெட் வேண்டும். ஆக நெட் இல்லாமல் கடைக்குள் நின்று திறந்தால் சாம்பல், வெளியே வந்து வானம் தெரிய ஒரு நிமிடம் நின்றால் நீலம்.

பொருநை, ஆச்சி சாம்பல் பொட்டை நம்பி நடப்பதாக எழுதினாலும் நடக்கக்கூடிய தவறுதான். அவள் நடப்பாள், பொட்டு நடக்காது.

ஷார்ஜா_மாப்ள:
நல்ல தலைப்பு. எங்கம்மா அடுத்த மாசம் தனியா ஷார்ஜா வராங்க. ரோமிங் போடுறதா, இங்க வந்து சிம் வாங்குறதா? எது மலிவு? பஸ்ல போற அளவுக்கு எத்தனை ஜிபி வேணும்?

வாசுகி:
மாப்ள, இது கதைக்கான இழை. அம்மா விஷயத்தைப் பயணப் பகுதியில் தனியாகப் போடுங்கள், பதில் கிடைக்கும்.

பொருநைக்கு: தகவல் சரியானபிறகு அதையெல்லாம் ஆச்சியின் தலையில் ஏற்றிவிடாதீர்கள். செயற்கைக்கோளும் விசிறியும் அவள் கவலை இல்லை. அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: நான் போகிற பக்கம் சரியா, தப்பா. அதை எப்படித் தெரிந்துகொள்கிறாள் என்பதுதான் கதை. பேத்தியின் பாடம் ஒரு வரியில் இருக்கட்டும், அந்த வரி வேலை செய்கிற வரியாக இருக்கட்டும். கடைப் பையனை எடுத்துவிடுங்கள். ஆபத்து வந்தவுடன் உதவி வந்து நின்றால் அவள் எதைக் கற்றாள்?

பொருநை:
கடைப் பையனை எடுத்துவிட்டேன். பேத்தியின் ஒரு வரி இப்படி: "பத்து அடி நடந்துட்டு பாருங்க ஆச்சி. பொட்டு கோட்டுப் பக்கம் போச்சுன்னா சரி, விலகுச்சுன்னா திரும்புங்க." வேலை செய்கிற வரியா இது?

நிலஅளவை:
யோசனை சரி, அளவு போதாது. நடந்து பார்ப்பது விசிறியை நம்புவதைவிட நல்ல வழி. நின்ற இடத்தில் திசை சொல்வது போனுக்குள் இருக்கும் காந்தமானி, அது எளிதில் ஏமாறும். நகர்ந்தால் இடமே மாறுவது தெரியும், அதில் காந்தம் வந்து குழப்ப முடியாது.

ஆனால் ஆச்சி எடுத்துவைக்கும் பத்தடி என்பது ஐந்தாறு மீட்டர். திறந்த வானத்தின் கீழேயே சாதாரணப் போனின் பிழை சுமார் 5 மீட்டர். இருபுறமும் கட்டடம் இருந்தால் சமிக்ஞை சுவரில் பட்டுச் சுற்றி வரும், பிழை இன்னும் கூடும். பத்தடியில் பொட்டு நகரவில்லை என்றோ பின்னால் போனது என்றோ காட்டலாம், பொட்டின் மேல் குற்றமில்லை. நாற்பது அடி நடக்கச் சொல்லுங்கள், இருபது மீட்டருக்கு மேல் வரும், அதற்குள் உண்மை தெரிந்துவிடும். பொட்டைச் சுற்றி வெளிர்நீல வட்டம் ஒன்று வரும், நீங்கள் அதற்குள் எங்கேயோ இருக்கிறீர்கள் என்று அர்த்தம். வட்டம் ஒரு தெருவை விழுங்கும் அளவு பெரிதாக இருந்தால் நடக்காமல் நிற்பதே மேல்.

வட்டம் எப்போதுமே ஊரளவு பெரிதாக இருந்தால் அது வானத்தின் குறை இல்லை, போனின் அமைப்பு. இருப்பிட அனுமதியில் துல்லியமான இடம் என்று ஒரு தேர்வு உண்டு, அதைத் தராமல் உத்தேச இடம் மட்டும் கொடுத்திருப்பார்கள். ஆச்சியின் போனை முதன்முதலில் யாராவது அவசரமாக அமைத்துக் கொடுக்கும்போது இது நடக்கும்.

தெம்பனிஸ்வாசி:
அந்தத் தெருக்களில் ஒரு சங்கதி சேர்த்துக்கொள்ளலாம். கடைவீடுகளின் முன்னால் ஐந்தடி என்று சொல்லும் கூரை போட்ட நடைபாதை ஓடும். வெயிலுக்கு எல்லோரும் அதற்குள்தான் நடப்பார்கள், ஆச்சியும் நடப்பாள். மேலே மாடி இருப்பதால் பொட்டு பக்கத்துத் தெருவுக்குத் தாவும். டன்லப் ஸ்திரீட்டும் டிக்சன் ரோடும் கிட்டத்தில் இணையாக ஓடுகின்றன, இதில் நடப்பவளை அதில் காட்டினால் ஆச்சரியமில்லை. வெயிலில் ரோட்டோரம் வந்து நின்றால் பொட்டு மெல்ல இந்தத் தெருவுக்கே திரும்பும்.

வெயிலில் இன்னொரு தொல்லை, திரையே தெரியாது. கையால் மறைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

வடலி:
இதெல்லாம் எதுக்கு? சந்தியில நிண்டு ஒராளைக் கேட்டால் கதை முடிஞ்சுது. தேக்காவில தமிழ் தெரிஞ்ச ஆக்கள் இல்லையோ?

மற்றது, படத்தை வடக்கு மேல வாறமாதிரி வைச்சிருந்தால் வயசான ஆக்களுக்கு விளங்காது. நடக்கிற திசை எப்பவும் மேல வாறமாதிரி வைக்கவேணும். இடத்தைக் காட்டுற பொத்தானை இரண்டாந்தரம் தட்டினால் அப்பிடி மாறும்.

நிலஅளவை:
பொத்தான் விஷயம் சரி. வயதானவர்களுக்கு அதுதான் நல்லது என்பதில் எனக்கு உடன்பாடில்லை. திசைக்கேற்பப் படம் சுற்றும்போது காந்தமானி ஏமாந்தால் படமே தலைகீழாகச் சுழலும். கோவில் மேலே இருந்தது, இப்போது கீழே இருக்கிறது என்றால் யாருக்கும் தலைசுற்றும். படம் அசையாமல் இருந்து பொட்டு மட்டும் நகர்வதே கற்பதற்கு எளிது.

வடலி:
அசையாத படத்தில வலப்பக்கம் எண்டு காட்டினது தெருவில இடப்பக்கமாய் இருக்கும். அதை மனசுக்குள்ள திருப்பிப் பார்க்கிறது லேசில்லை அண்ணை.

நிலஅளவை:
அவள் வலம் இடம் பார்க்கவில்லை. நடக்கிறாள், பொட்டு கோட்டை ஒட்டுகிறதா என்று பார்க்கிறாள். அதற்குத் திருப்பிப் பார்க்கத் தேவையில்லை.

வாசுகி:
இது இப்போதைக்குத் தீராது. பொருநை, ஆச்சியின் போனில் நீங்கள் நினைத்தபடி வையுங்கள், எப்படி வைத்தீர்கள் என்று ஒரு வார்த்தையில் காட்டிவிடுங்கள். வடலியின் முதல் கேள்விக்கு மட்டும் கதைக்குள் பதில் வேண்டும். ஆள் இருக்கும்போது ஏன் கேட்கவில்லை? கேட்டும் தப்பாகச் சொன்னார்கள் என்று வைக்கலாமா?

தெம்பனிஸ்வாசி:
வைக்கலாம், தாராளமாக நடக்கும். "65 எங்க வரும்?" என்று கேட்டால் ஜாலான் புசாரில் நிற்பவர், இதோ இங்கேயே வரும் என்பார். பொய்யில்லை, 65 அங்கே வரும். ஆனால் அது துறைமுக முனைக்குப் போகும் 65, தெம்பனிஸுக்கு எதிர்த்திசை. நம்பர் மட்டும் கேட்டால் பதிலும் நம்பருக்கு மட்டும்தான் கிடைக்கும். ஆச்சி ஏறியிருந்தால் ஆர்ச்சர்ட் ரோடெல்லாம் பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பாள்.

அதேமாதிரி, நிறுத்தக் கம்பத்தில் ஐந்து இலக்க எண் எழுதியிருக்கும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் தனி எண், ரோட்டின் இரண்டு பக்கத்துக்கும் வேறுவேறு. பல இடங்களில் ஒரு பக்கம் 1இல் முடிந்தால் எதிர்ப்பக்கம் 9இல் முடியும், எல்லா இடத்திலும் அல்ல. ஆங்கிலப் பெயர் வாசிக்கத் தெரியாவிட்டாலும் எண்ணை ஒத்துப் பார்க்க முடியும். பேத்தி அந்த ஐந்து இலக்கத்தைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால், பொட்டு கிட்டத்தில் கொண்டுவந்து விட்டபின் கடைசி உறுதிக்கு அது போதும். கதையில் எண்ணை அச்சிடாதீர்கள், எழுதியிருந்தது என்றால் போதும்.

பொருநை:
மாற்றி எழுதியது:

> காலையில் இறங்கிய நிறுத்தத்துக்கே ஆச்சி வந்து சேர்ந்துவிட்டாள். எதிர்ப்பக்கம் போனாள். நிறுத்தம் இல்லை. ரோட்டைப் பார்த்தாள். கார், லாரி, பஸ் எல்லாம் ஒரே பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.
>
> "65 எங்கன வரும் தம்பி?"
>
> "இதோ, ரோட்டுக்கு அந்தாண்ட ஸ்டாப்புல, ஆன்ட்டி."
>
> காலையில் இறங்கிய அதே இடம். வந்த பஸ்ஸிலேயே ஏறினால் வந்த வழிக்கு எப்படிப் போவது? ஆச்சி போனின் மூடியைத் திறந்தாள். பேத்தி சிவப்புக் குறி குத்தி வைத்திருந்தாள். அதன் பேர் தமிழில் இருந்தது: வீட்டு பஸ். அங்கே போக ஒரு கோடு, புள்ளிபுள்ளியாக. பொட்டின் வெளிச்சம் கோட்டுக்கு நேரெதிராக விழுந்தது. ஆச்சி திரும்பி நின்றாள். அது அசையவில்லை.
>
> "வெளிச்சத்தை நம்பாதீங்க ஆச்சி. நாப்பது அடி நடங்க, பொட்டைப் பாருங்க."
>
> ஆச்சி எண்ணிக்கொண்டே நடந்தாள். நாற்பதில் நின்றாள். பொட்டு கோட்டை விட்டுத் தள்ளிப் போயிருந்தது. திரும்பி நாற்பது, இன்னொரு நாற்பது. இப்போது பொட்டு கோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது. குறுக்குத் தெருவில் கூரைக்கடியில் நுழைந்ததும் பொட்டு பக்கத்துத் தெருவுக்குத் தாவியது. ஆச்சி வெயிலுக்கு வந்தாள். முந்தானையைப் போனுக்குமேல் பிடித்துக்கொண்டு காத்து நின்றாள். பொட்டு வந்து சேர்ந்தது.
>
> தெரு முடிந்து பெரிய ரோடு வந்தபோது முதலில் தெரிந்தது சந்தை. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் வாழைத்தண்டு வாங்கிய சந்தை. ரோட்டைக் கடந்தாள். கம்பத்தில் இருந்த எண்ணையும் சீட்டில் இருந்த எண்ணையும் ஒவ்வொன்றாக விரல் வைத்து ஒத்துப் பார்த்தாள்.

நிலஅளவை:
இப்போது போன் போனாகவே நடந்துகொள்கிறது. ஆச்சி திரும்பியும் வெளிச்சம் அசையவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குக் காரணமும் உங்கள் வரியிலேயே இருக்கிறது. "மூடியைத் திறந்தாள்." அந்த மடக்கு உறையில் காந்தம் வைத்த பூட்டு இருக்கும். திறந்து பின்பக்கம் மடித்துப் பிடித்தால் காந்தம் போனுடனேயே சுற்றும், காந்தமானி பூமியை விட்டுவிட்டு அதைத்தான் பார்க்கும். நின்ற இடத்தில் சுற்றிப் பார்ப்பதுதான் சோதனை: உடம்போடு வெளிச்சமும் சுற்றினால் நம்பலாம், அடம்பிடித்தால் உறையைக் கழற்ற வேண்டும். எட்டு போடுவதுபோல் போனை ஆட்டினால் சரியாகும் என்பது உறையில் காந்தம் இருக்கும்வரை அவ்வளவாக உதவாது. தெரிந்து வைத்தீர்களோ தெரியாமல் வைத்தீர்களோ, அந்த வரியை மாற்றாதீர்கள்.

ஒரு சின்னச் சேர்க்கை வேண்டுமானால், வயதானவர்கள் திரையைத் தட்ட மாட்டார்கள், அழுத்துவார்கள். மேப்பில் அழுத்திப் பிடித்தால் அந்த இடத்தில் புதுச் சிவப்புக் குறி முளைக்கும், பாதித் திரையை ஒரு பெட்டி மூடிக்கொள்ளும். ஆச்சிக்குத் திடீரென்று இரண்டு சிவப்புக் குறிகள். பேத்தி தமிழில் பேர் வைத்தது அப்போது உபயோகப்படும்.

தெம்பனிஸ்வாசி:
"அந்தாண்ட" என்பது சென்னைப் பேச்சு. அங்கே வேலை பார்க்கும் ஆள் என்றால் பொருந்தும். சிங்கப்பூரில் பிறந்த பையன் என்றால் "ஆன்ட்டி, அந்த சைடு" என்றுதான் வரும்.

ஏறுகிற இடத்தை விட்டுவிட்டீர்கள். பஸ் தானாக நிற்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது, அந்த நிறுத்தத்தில் பல நம்பர்கள் வரும், கைகாட்டி நிறுத்த வேண்டும். முன்கதவில் ஏறி அட்டையைக் காட்ட வேண்டும், இறங்கும்போது மறுபடி காட்ட வேண்டும். இறங்கும்போது மறந்தால் அந்த வழித்தடத்தின் கடைசிவரை போனதாகக் கணக்கு வைத்துக் கட்டணம் எடுத்துக்கொள்ளும். மூத்தோர் சலுகை, சுற்றுலாவாக வந்தவருக்குக் கிடையாது, ஆகவே சலுகை இல்லாத சாதாரண அட்டைதான் கையில் இருக்கும்.

ராஜா_மதுரை:
பஸ்ஸில் ஏறியபிறகும் பொட்டைப் பார்க்கலாமே? வீட்டு நிறுத்தத்திலும் ஒரு குறி குத்தியிருந்தால் எங்கே மணி அடிப்பது என்று தெரியும். அதையும் சேர்த்தால் கதை முழுமையாகும்.

நிலஅளவை:
பார்க்கலாம், ஜன்னலோரம் உட்கார்ந்தால் நன்றாகவே வரும். பஸ் வேகத்தில் பொட்டு சற்றுப் பின்தங்கும், ஆகவே குறியைத் தொடும்வரை காத்திருந்தால் நிறுத்தம் போய்விடும். முந்தைய நிறுத்தத்தை விட்டு பஸ் நகர்ந்தவுடனே மணியை அழுத்திவிட வேண்டும்.

வாசுகி:
சேர்க்க வேண்டாம். எண்ணை விரல் வைத்து ஒத்துப் பார்ப்பதோடு காட்சி முடிந்துவிட்டது. அதன்பின் பஸ் ஏறுவது, அட்டை, மணி எல்லாம் காலையில் வரும்போதே நடந்திருக்கும், அந்தப் பகுதியில் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது அட்டை காட்ட மறந்தது காலையிலேயே நடந்தால் இன்னும் நல்லது, மகளிடம் சொல்லாமல் ஒளிக்க ஆச்சிக்கு ஒன்று கிடைக்கும்.

பொருநை:
அட்டை மறதியைக் காலைக்குக் கொண்டுபோகிறேன். இரண்டு சிவப்புக் குறியையும் சேர்க்கிறேன், சந்தை தெரிவதற்கு முன்னால். கைகாட்டுவது மட்டும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஆச்சி ஊரில் கைகாட்டித்தானே பஸ்ஸை நிறுத்தியிருப்பாள், அது அவளுக்குப் புதிதா என்ன?

தெம்பனிஸ்வாசி:
புதிதில்லை. ஆனால் வெளிநாட்டில் எல்லாம் தானாக நடக்கும் என்று சொல்லித்தானே அனுப்பியிருப்பார்கள், அதனால் காட்டாமல் நிற்பாள். ஒரு 65ஐ விட்டுவிட்டு அடுத்ததற்குக் கைகாட்டட்டும்.

வடலி:
முதலாவது 65 நிக்காமல் போனால் நான் எண்டால் பொட்டைத்தான் சந்தேகப்படுவன்.

பொருநை:
வடலி, இதை எடுத்துக்கொள்கிறேன். வாசுகி கோபித்துக்கொள்ளாவிட்டால் காட்சி இன்னும் ஐந்து வரி நீளும்.